அண்ணல் அம்பேத்கரின் பட்டங்கள்: ஏடுகள் கூறுவன

அண்ணல் அம்பேத்கரின் கல்வியைப் பற்றிப் பேசாத மேடை நம் நாட்டில் இல்லை. சிலைப் பீடத்தின் கல்வெட்டிலும் நினைவு நாள் சுவரொட்டியிலும் அவர் பெயருக்குப் பின்னே பட்டங்கள் அணிவகுத்து நிற்கும். 32 பட்டங்கள் பெற்றவர் என்பர் சிலர். 64 துறைகளில் முதுவர் என்பர் வேறு சிலர். இலண்டனில் 'அனைத்து அறிவியல் அறிஞர்' என்னும், உலகில் வேறெவருக்கும் கிட்டாத பட்டம் பெற்றார் என்றும் ஒரு கூற்று உலவுகிறது. இவற்றைச் சொல்வோர் அன்பினால்தான் சொல்கின்றனர். ஆயினும் அந்த அன்பின் மறுபக்கத்தில் ஒரு தீங்கு காத்திருக்கிறது. அண்ணலின் பெருமையைக் குறைக்க நினைப்பவர், இத்தகைய கூற்றுகளுள் ஒன்றை எடுத்துப் பொய்யென்று காட்டிவிட்டு, மெய்யான பட்டங்களின் மீதும் ஐயத்தைத் தூவிச் செல்கிறார். ஆதலால் அவர் எங்கெங்கே பயின்றார், எவ்வெப் பட்டத்தை எப்போது பெற்றார் என்பதை ஏடுகளின் வழியே நிறுவிக்கொள்வது நமக்குக் கடமையாகிறது.

இதில் முதல் இடர்ப்பாடு நம் மொழியிலேயே இருக்கிறது. 'பட்டம் பெற்றார்' என்று நாம் ஒரே தொடரில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அத்தொடருக்குள் நான்கு தனிச் செயல்கள் அடங்கியுள்ளன. மாணவராகப் பதிவு செய்துகொள்வது ஒன்று. தேர்வில் தேறுவது இரண்டாவது. ஆய்வேடு ஏற்கப்படுவது மூன்றாவது. பல்கலைக்கழகம் பட்டத்தை முறைப்படி வழங்குவது நான்காவது. இந்நான்கும் ஒரே ஆண்டில் நிகழ்வதும் உண்டு. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே பத்தாண்டுகள் கழிவதும் உண்டு. ஒரே பட்டத்துக்கு இரண்டு நூல்கள் இரண்டு ஆண்டுகளைக் குறித்தால், அவற்றுள் ஒன்று பொய் என்று உடனே முடிவு கட்டலாகாது. எந்தச் செயலின் ஆண்டை அந்த நூல் குறிக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும்.

இரண்டாவது இடர்ப்பாடு பெயரைப் பற்றியது. 1900ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் சாதாரா அரசு உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த சிறுவனின் பெயர் பதிவேட்டில் 'பீவா' என்றே காணப்படுகிறது. 'பீமராவ்' என்று மட்டும் தேடிச் செல்பவர் அந்தப் பக்கத்தைக் கடந்து போய்விடுவார். அந்த நாளைத்தான் மராட்டிய அரசு 2017 முதல் மாணவர் நாளாகக் கொண்டாடி வருகிறது.

பம்பாய்க் காலத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1907இல் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியிலிருந்து மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறினார். 750க்கு 282 மதிப்பெண் என்று வரலாற்றாசிரியர் தனஞ்செய் கீர் குறிக்கிறார். மேடைகளில் எவரும் சொல்லாத எண் இது. தீண்டாமையின் பெயரால் வகுப்பறையில் ஒதுக்கி உட்கார வைக்கப்பட்ட ஒரு மாணவர் அந்தத் தேர்வைக் கடந்ததே அன்று ஊர் கூடிப் பாராட்டும் நிகழ்ச்சியாயிற்று. பின்னர் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்றார். பரோடா மன்னர் சாயாஜிராவ் திங்கள்தோறும் அளித்த 25 ரூபாய் அதற்கு உதவியது. அவர் பெற்றது பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் பி.ஏ. பட்டம். கல்லூரியின் பெயரும் பல்கலைக்கழகத்தின் பெயரும் தனித்தனியே எழுதப்படுவதால், இந்த ஒரே பட்டத்தை இரண்டாக எண்ணிய பட்டியல்களும் உண்டு. ஆண்டைச் சில நூல்கள் 1912 என்றும் சில 1913 என்றும் தருகின்றன. பாடத்தையும் சிலர் ஆங்கிலமும் பாரசீகமும் என்பர். சிலர் பொருளியலும் அரசியலும் என்பர். இவ்வேறுபாடுகள் எப்படியாயினும் பட்டம் ஒன்றே.

1913இல் பரோடா அரசின் உதவித்தொகையோடு நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தை அடைந்தார். திங்களுக்குப் பதினொன்றரைப் பவுண்டு வீதம் மூன்றாண்டுகளுக்கு வழங்கப்பட்ட உதவி அது. படிப்பு முடிந்தபின் பரோடா அரசில் பத்தாண்டுகள் பணியாற்ற வேண்டும் என்பது உடன்பாடு. இந்த மூன்றாண்டு எல்லையையும் பத்தாண்டுக் கட்டுப்பாட்டையும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் வரும் குழப்பங்கள் அனைத்துக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

1915 ஜூனில் அவருக்கு எம்.ஏ. பட்டம் கிடைத்தது. முதன்மைப் பாடம் பொருளியல். இதற்கு அவர் அளித்த ஆய்வேடு எது என்பதில் நூல்கள் வேறுபடுகின்றன. 'பண்டைய இந்திய வாணிபம்' என்பதே அந்த ஏடு என்று பல வாழ்க்கை வரலாறுகள் கூறும். ஆனால் மராட்டிய அரசு வெளியிட்ட நூல்தொகுதியின் ஆறாம் மடலில் 'கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியும் நிதியும்' என்னும் சிற்றேடு அச்சாகியுள்ளது. எம்.ஏ. பட்டத் தேவையின் ஒரு பகுதியாக அளிக்கப்படுகிறது என்று அதன் முகப்பிலேயே குறிப்பிருக்கிறது. நாளும் 1915 மே 15 என்று இடப்பட்டுள்ளது. பிறர் பின்னாளில் எழுதிய வரலாற்றைவிட, ஆய்வேட்டின் முகப்பு தன்னைப் பற்றித் தானே கூறும் சான்று வலிமை மிக்கது என்பதே என் கருத்து. எந்த ஏட்டைக் கொண்டாலும் எம்.ஏ. ஒன்றுதான் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1916இல் அவர் எழுதிய 'இந்தியாவின் தேசிய ஈவு' என்னும் ஏட்டை இரண்டாவது எம்.ஏ. ஆய்வேடு என்று சிலர் எழுதியதால், 'இரண்டு எம்.ஏ.' என்னும் கூற்றும் கிளைத்தது. அந்த ஏடு வேறொரு பட்டத்துக்கு உரியது. அதைப் பின்னர்க் காண்போம்.

கொலம்பியாவில் அவர் பயின்ற பாடங்களின் பட்டியல் அங்குள்ள பதிவாளர் அலுவலக ஏடுகளில் இருந்தது. அதைப் பார்த்தெழுதிய அமெரிக்க ஆய்வாளர் எலினார் செலியட் பின்வரும் கணக்கைத் தருகிறார்: பொருளியலில் 29 பாடங்கள், வரலாற்றில் 11, சமூகவியலில் 6, மெய்யியலில் 5, மானிடவியலில் 4, அரசியலில் 3, தொடக்கநிலைப் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் ஒவ்வொன்று. கூட்டினால் 60 வருகிறது. இங்கே பாடம் என்பது ஒரு பருவத்துக்கு ஓர் ஆசிரியர் நிகழ்த்தும் விரிவுரை வரிசையைக் குறிக்கும். அது தனித்துறையன்று, பட்டமும் அன்று. '64 துறைகளில் முதுவர்' என்னும் கூற்று எங்கே பிறந்தது என்பதற்கு ஏட்டுச் சான்று ஏதும் என் கண்ணில் படவில்லை. ஆயினும் ஆய கலைகள் அறுபத்து நான்கு என்று எண்ணிப் பழகிய நாட்டில், அறுபது என்ற எண் அறுபத்து நான்காக உயர்வதற்கு நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. இது என் ஊகம்; வாசகர் ஊகமாகவே கொள்ளலாம். மெய்யான கணக்கு எவ்வகையிலும் சிறியதன்று. மூன்றாண்டுகளில் 60 பாடங்களைப் பயின்ற மாணவர், அவற்றுள் ஏறத்தாழப் பாதியைப் பொருளியலுக்கே ஒதுக்கினார் என்பது, அவரைப் பொருளியலாளராகக் காண மறந்தவர்களுக்கு ஒரு செய்தி.

இனி முனைவர் பட்டத்துக்கு வருவோம். இக்கட்டுரையின் நடுநாயகம் அதுவே.

'இந்தியாவின் தேசிய ஈவு' என்னும் ஆய்வேட்டைக் கொலம்பியா ஏற்றுக்கொண்டது. அதனால் 1916இலோ 1917இலோ அவர் முனைவரானார் என்று பல நூல்கள் எழுதுகின்றன. 1927இல்தான் பி.எச்.டி. பெற்றார் என்று வேறு நூல்கள் எழுதுகின்றன. இந்தப் பத்தாண்டு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு, 'பெறாத பட்டத்தைப் பெற்றதாகச் சொன்னார்' என்று ஏளனம் செய்தவரும் உண்டு. விடை கொலம்பியாவின் அக்கால விதியில் இருக்கிறது. ஆய்வேடு ஏற்கப்பட்டாலும், அதை அச்சிட்டு, குறித்த எண்ணிக்கையில் படிகளைப் பல்கலைக்கழகத்தில் ஒப்படைத்தாலன்றி முனைவர் பட்டம் வழங்கப்படமாட்டாது. செல்வர் வீட்டு மாணவர்க்கு இது சில திங்கள் தாமதம். உதவித்தொகை முடிந்து கடனில் நின்ற மாணவர்க்கு இது பத்தாண்டு.

அந்தப் பத்தாண்டில் நடந்தவற்றைக் கேளுங்கள். 1916 அக்டோபரில் இலண்டன் சென்று, பொருளியல் பள்ளியிலும் கிரேஸ் இன் என்னும் சட்ட மன்றத்திலும் சேர்ந்தார். மறு ஆண்டே உதவித்தொகைக் காலம் முடிந்தது. பரோடா திரும்புமாறு அழைத்தது. நான்காண்டுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்று இலண்டன் பல்கலைக்கழகம் இசைவு தந்தது. அது முதல் உலகப் போர்க்காலம். அவர் ஒரு கப்பலில் வர, அவருடைய நூல்களும் தாள்களும் வேறொரு கப்பலில் வந்தன. அந்தக் கப்பலை நீர்மூழ்கி மூழ்கடித்தது. பரோடாவில் அவர் பதவியேற்றபோது, தங்குவதற்கு ஓர் இடம்கூட நிலைக்காமல், பார்சி விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட கதை எல்லோரும் அறிந்தது. பின் பம்பாயில் சிடன்ஹாம் கல்லூரிப் பேராசிரியர் பணி. அதில் சேர்த்த பணத்தோடு, கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜின் உதவியும் நண்பர் ஒருவரிடம் பெற்ற கடனும் சேர 1920இல் மீண்டும் இலண்டன்.

1925இல் 'பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாண நிதியின் படிமலர்ச்சி' என்ற பெயரில், கொலம்பியா ஏட்டின் விரிந்த வடிவம் இலண்டனில் பி.எஸ். கிங் நிறுவனத்தாரால் அச்சிடப்பட்டது. அவருடைய ஆசிரியர் செலிக்மன் முன்னுரை வழங்கினார். அச்சுப் படிகள் கொலம்பியாவைச் சேர்ந்தபின் 1927இல் முனைவர் பட்டம் முறைப்படி வழங்கப்பட்டது. தலைப்பு மாறியதால் ஒரே உழைப்பை இரண்டு ஆய்வேடுகள் என்று எண்ணியோரும் உளர். சரிபார்ப்பவர் செய்ய வேண்டியது எளிது: 1917 என்று எழுதும்போது 'ஆய்வேடு ஏற்கப்பட்டது' என்றும், 1927 என்று எழுதும்போது 'பட்டம் வழங்கப்பட்டது' என்றும் வினைச்சொல்லைத் திருத்திவிட்டால் இரண்டு கூற்றும் ஒன்றையொன்று பகைக்காமல் நிற்கும்.

ஆய்வேடு எழுதி முடித்தாலே முனைவர் என்று கொள்ளும் வழக்கம் நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. 1916 நவம்பரில் இலண்டன் பேராசிரியர் பாக்ஸ்வெல், பொருளியல் பள்ளியின் செயலாளருக்கு ஒரு மடல் எழுதினார். அம்பேத்கர் ஏற்கனவே முனைவர் பட்டம் பெற்றுவிட்டவர் என்றும், இங்கே அவர் வெல்வதற்கு இனி உலகம் ஏதும் எஞ்சவில்லை என்றும் அதில் குறித்தார். அம்மடல் இன்றும் அப்பள்ளியின் ஆவணக் காப்பகத்தில் உள்ளது. உடன்காலத்தவர், நேரில் அறிந்தவர், பேராசிரியர். இத்தனைத் தகுதி இருந்தும் பட்டம் பற்றிய அவர் கூற்று ஏட்டோடு பொருந்தவில்லை. நேர்ச்சான்று என்பதற்காகவே ஒரு மடலை ஆராயாமல் ஏற்பது எத்தகைய ஆபத்து என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. அம்மடல் பட்டத்துக்குச் சான்றாகாது. ஆனால் அமெரிக்காவிலிருந்து வந்த அந்த மாணவரை இலண்டன் எவ்வளவு உயர்வாக மதித்தது என்பதற்கு மிகச் சிறந்த சான்று.

இலண்டன் பட்டங்கள் இரண்டு. 1921இல் எம்.எஸ்சி.; ஆய்வுப் பொருள் பேரரசு நிதியை மாகாணங்களுக்குப் பகிர்ந்தளித்தல். 1923இல் டி.எஸ்சி.; ஆய்வுப் பொருள் ரூபாயின் சிக்கல். இந்த இரண்டாவது ஏட்டை அவர் 1922 அக்டோபரில் அளித்தார். திருத்தி எழுதுமாறு தேர்வாளர்கள் 1923 மார்ச்சில் கூறினர். கையில் பணமில்லாமல் பம்பாய் திரும்பிய அவர், அங்கிருந்தே திருத்தி அனுப்பினார். அவ்வாண்டின் இறுதியில் ஏடு ஏற்கப்பட்டது. உடனே நூலாகவும் வந்தது. பேராசிரியர் எட்வின் கானன் எழுதிய முன்னுரையில், ஆசிரியரின் முடிவுகள் பலவற்றோடு தமக்கு உடன்பாடில்லை என்று வெளிப்படையாகச் சொல்லியிருப்பது படிக்கச் சுவையானது.

இங்கே 'டி.எஸ்சி.' என்னும் எழுத்துகளுக்கு விளக்கம் வேண்டும். அது பொருளியலில் 'அறிவியல் அறிஞர்' பட்டம். அக்காலத்தில் இலண்டன் பல்கலைக்கழகம் பொருளியலை அறிவியல் பட்டங்களின் கீழ் வைத்திருந்தது; எம்.எஸ்சி.யும் அதனால்தான் அப்பெயர் பெற்றது. 'அனைத்து அறிவியல் அறிஞர்' என்றொரு பட்டம் அங்கே இருந்ததில்லை. சுருக்கெழுத்தின் பொருள் அறியாத எவரோ செய்த மொழிபெயர்ப்பே காலப்போக்கில் உலகில் ஒருவர்க்கே கிட்டிய பட்டமாக வளர்ந்திருக்க வேண்டும். இன்னொன்றையும் கவனிக்கலாம். இலண்டன் பொருளியல் பள்ளி அன்று தன் பெயரில் பட்டம் வழங்கவில்லை. அது இலண்டன் பல்கலைக்கழகத்தின் ஓர் உறுப்பு. தன் பெயரிலேயே பட்டம் வழங்கத் தொடங்கியது 2008இல்தான். ஆகவே 'பொருளியல் பள்ளியில் ஒரு டி.எஸ்சி., இலண்டன் பல்கலைக்கழகத்தில் ஒரு டி.எஸ்சி.' என்று இரண்டு எழுதும் பட்டியலில் ஒன்றை நீக்கிவிட வேண்டும்.

காலவரிசையில் ஒரு விந்தை இருக்கிறது. முதலில் எழுதிய ஆய்வேட்டுக்கு இரண்டாவதாகவும், பின்னர் எழுதிய ஆய்வேட்டுக்கு முதலாவதாகவும் அவர் அறிஞர் பட்டம் பெற்றார். 1923க்கும் 1927க்கும் இடையே அவர் பெயருக்கு முன் 'டாக்டர்' என்று எழுதப்பட்டிருந்தால், அது முழுமையும் உரிமையானது. அவ்வுரிமை நியூயார்க்கிலிருந்து வந்ததன்று, இலண்டனிலிருந்து வந்தது. ஏளனம் செய்தவர்கள் பார்க்கத் தவறியது இதைத்தான்.

'பாரிஸ்டர்' என்பதையும் பட்டப் பட்டியலில் சேர்க்கின்றனர். 1922இல் கிரேஸ் இன் அவரை வழக்குரைஞராக ஏற்றது. அது பல்கலைக்கழகமன்று. உறுப்பினராகச் சேர்ந்து, குறித்த பருவங்களில் மன்றத்தின் விருந்துகளில் அமர்ந்து, தேர்வுகளில் தேறியவரை வழக்காடும் தொழிலுக்கு அழைக்கும் பழைய மன்றம். காந்தியடிகளும் நேருவும் பாரிஸ்டரானது இவ்வகை மன்றங்களின் வழியேதான். ஆகவே 'சட்டப் பட்டம்' என்று இதை எழுதுவது பிழை. 'பாரிஸ்டர் தகுதி' என்று எழுதுவதே சரி. அரசியலமைப்பு வரைவுக் குழுவின் தலைவர் பயின்று பெற்ற சட்டப் பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் இல்லை என்று கேட்டால் சிலர் திடுக்கிடலாம். அன்றைய நீதிமன்றங்களில் பாரிஸ்டர் தகுதியே மிக உயர்வாக மதிக்கப்பட்டது என்பதை அவர்களுக்கு நினைவூட்டினால் போதும்.

ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தின் பெயரும் பட்டியல்களில் இடம்பெறுகிறது. 1922இல் அங்கே பொருளியல் மாணவராகப் பதிவு செய்துகொண்டது உண்மை. அவர் தம் கைப்பட எழுதிய ஜெர்மன் விண்ணப்பம் அங்குள்ள ஏடுகளில் பாதுகாக்கப்பட்டிருப்பதால் இதில் ஐயமில்லை. ஆனால் இலண்டன் ஆய்வேட்டு வேலையும் பணத்தட்டுப்பாடும் அவரை அங்கே நிலைக்க விடவில்லை. தொடக்கத்தில் சொன்ன நான்கு செயல்களுள் முதலாவது மட்டுமே பானில் நிகழ்ந்தது. 'பானில் பயின்றார்' என்பதைக்கூட அடக்கமாகவே சொல்ல வேண்டும். 'பானில் பட்டம் பெற்றார்' என்பதற்கு இடமே இல்லை.

எஞ்சியவை மதிப்புறு பட்டங்கள். 1952 ஜூனில் கொலம்பியா எல்.எல்.டி. வழங்கியது; அதைப் பெற அவரே நியூயார்க் சென்றார். 1953 ஜனவரியில் ஐதராபாத்தின் உஸ்மானியா பல்கலைக்கழகம் டி.லிட். வழங்கியது. இவை தேர்வெழுதிப் பெறுபவை அல்ல. ஒருவர் செய்த பணிக்குப் பல்கலைக்கழகம் செலுத்தும் வணக்கம். அரசியலமைப்பை வரைந்தமைக்கான பாராட்டாகக் கொலம்பியா அதைச் செய்தது. பின்னர் 2004இல் தன் 250ஆம் ஆண்டு நிறைவையொட்டிக் காலத்தை முந்திய மாணவர்கள் என்று அது வெளியிட்ட பட்டியலிலும் அவர் பெயரைச் சேர்த்தது. அது தரவரிசைப் பட்டியலன்று. 'உலகின் முதல் அறிஞர் என்று கொலம்பியா அறிவித்தது' என்னும் சுவரொட்டி வாசகம் அதிலிருந்தே எழுந்தது.

ஆகவே பயின்று பெற்ற பட்டங்கள் பி.ஏ., எம்.ஏ., எம்.எஸ்சி., டி.எஸ்சி., பி.எச்.டி. என ஐந்து. அவற்றோடு பாரிஸ்டர் தகுதி ஒன்று, மதிப்புறு பட்டங்கள் இரண்டு. கல்வெட்டு எழுதுவோர், ஒவ்வொன்றின் அருகிலும் வழங்கிய பல்கலைக்கழகத்தின் பெயரையும் ஆண்டையும் பொறித்துவிடலாம். பீடத்தில் அதற்கு இடம் போதுமானதாகவே இருக்கும்.